நேர்காணல் அன்று அதிகாலையில் அம்மா விழுந்தார்

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை, காலை 10.30 மணிக்குக் கோயம்புத்தூரில் எனக்கு நேர்காணல். பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று சேலையை மடித்து வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். நாலரை மணிக்குப் பின்கட்டில் ஏதோ விழுந்த சத்தம். வெந்நீர் வைக்க விறகெடுக்கப் போன அம்மா, மழையில் பாசி பிடித்திருந்த படியில் வழுக்கி விழுந்துவிட்டார். முப்பது வருடம் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர், சொந்த வீட்டுப் படியில் விழுந்தார். வலது காலை அசைக்க முடியவில்லை.

108 வந்தது. கோத்தகிரி அரசு மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு, ஊட்டிக்கு அனுப்பினார்கள். நேர்காணலின் நினைவு எனக்கு வந்தது ஆம்புலன்சில்தான், மணி ஆறைத் தாண்டியிருந்தது.

அங்கேயே கைப்பேசியில் ஒரு மின்னஞ்சலைத் தட்டினேன். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. விழுந்த விதம், அம்மா கதறியது, அப்பா இல்லாத வீடு, இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று பெரிய பத்தி. ‘மன்னிக்கவும்’ நான்கு இடத்தில். வேறொரு தேதியில் வருகிறேன் என்பது மட்டும் தெளிவாக எங்கும் இல்லை. கடைசி வரி, ‘தாங்கள் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் புரிந்துகொள்வேன்.’

அனுப்பும் முன் திருப்பூரில் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்க்கும் அத்தை மகளுக்கு அதை அனுப்பினேன். அக்கா உடனே அழைத்தாள். “அத்தைக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, “இதை அனுப்பாதே. கடைசி வரியை முதலில் எடு. உன்னை விட்டுவிடலாம் என்று நீயே அனுமதி எழுதிக் கொடுக்கிறாய். அழுகையையும் எடு. உன்னை நேர்காணலுக்கு அழைத்த அம்மாள் காலையில் இதைப் பார்த்ததும், நேர்காணல் நடத்தும் மூன்று பேரிடம் நேரம் மாற்றிக் கேட்க வேண்டும். அவர்களுக்கு அப்படியே அனுப்பிவிடக்கூடிய மாதிரி எழுது” என்றாள். அதுவரை என் கடிதத்தைப் படிப்பவருக்கு அதை வைத்துச் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

திருத்தி எழுதியது ஏழு வரி. ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இது:

‘இன்று காலை 10.30 மணி நேர்காணலுக்கு என்னால் வர இயலவில்லை. அதிகாலையில் என் தாய் கீழே விழுந்து எலும்பு முறிந்ததால் ஊட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். உடன் இருக்க வேறு ஆள் இல்லை. இந்த வேலையில் எனக்கு உள்ள ஆர்வம் மாறவில்லை. வேறொரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஏற்ற நாட்களை இன்று மாலைக்குள் தெரிவிக்கிறேன். கடைசி நேரத்தில் சொல்வதால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.’

கீழே பெயர், விண்ணப்பித்த பணி, கைப்பேசி எண். புதிய மின்னஞ்சலாக அனுப்பவில்லை. நேர்காணலுக்கு அழைத்து அவர்கள் அனுப்பியிருந்ததற்கே பதிலாக அனுப்பினேன். யார், எந்தப் பணி, எத்தனை மணி என்று அவர்கள் தேட வேண்டாம் அல்லவா? பொருள் வரியின் முன்னால் ‘இன்று 10.30 – வர இயலவில்லை’ என்று சேர்த்தேன். அனுப்பும்போது மணி 6.40.

எக்ஸ்ரே படத்தையோ அனுமதிச் சீட்டையோ எந்த மின்னஞ்சலிலும் இணைக்கவில்லை. சந்தேகப்படாதவரிடம் ஆதாரத்தை நீட்டினால் சந்தேகத்தை நாமே ஊட்டியதாகும். தவிர, அது அம்மாவின் உடம்பு. சீட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கடைசி வரை யாரும் கேட்கவில்லை.

மின்னஞ்சல் போனதோடு வேலை முடியவில்லை. பத்தரைக்குள் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும் என்று தெரியும். 9.05க்கு, மருத்துவமனை நடைபாதையில் அலைவரிசை கிடைத்த ஒரே சன்னல் ஓரத்தில் நின்று, என்னை முதலில் அழைத்துப் பேசிய மேடத்தின் எண்ணுக்கு அழைத்தேன். அவர் மின்னஞ்சலைப் பார்த்திருக்கவில்லை. இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். கனிவாகவே கேட்டுக்கொண்டு, “நாளைக்கு வர முடியுமா? அல்லது வீடியோவில் இன்று மாலையே வைத்துக்கொள்ளலாமா?” என்றார்.

நாக்கின் நுனி வரை ‘சரி’ வந்துவிட்டது. இவ்வளவு இறங்கி வருகிறவரிடம் மறுப்பதா என்ற பயம். ஆனால் தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கிறது, நாளை அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். வீடியோ என்றால் இந்தச் சன்னல் ஓரம்தான், பாதியில் அறுந்துபோகும். முதல் முறை தவறியதற்கு அம்மாவின் கால் காரணம். இரண்டாம் முறை தவறினால் காரணம் நான்தான், அதன்பின் எதைச் சொன்னாலும் எடுபடாது. “மேடம், நாளை என்று ஒப்புக்கொண்டு மறுபடியும் உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, உறுதியாக வரக்கூடிய தேதியை இன்று மாலைக்குள் எழுதுகிறேன்” என்றேன். ஒரு நொடி மௌனம். “அப்படியே செய்யுங்கள்” என்றார்.

பகல் முழுவதும் அந்தத் தேதியைக் கண்டுபிடிப்பதில் போனது. பெண்கள் வார்டில் இரவில் பெண்தான் துணைக்கு இருக்கலாம். அண்ணன் வந்து பயனில்லை. அண்ணிக்குச் சனிக்கிழமையிலிருந்துதான் விடுப்பு கிடைக்கும். ஆக, திங்களுக்கு முன் பேச்சே இல்லை. திங்களும் வேண்டாம் என்று வைத்தேன், அண்ணிக்கு ஏதாவது தடங்கல் வந்தால் ஒரு நாள் கையிருப்பு வேண்டுமே. இன்னொரு கவலை மலைப்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த நேரம் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் நாளே இறங்கி மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்குவது என்று முடிவு செய்தேன். ஐந்து மணிக்கு எழுதினேன்: ‘செவ்வாய் அல்லது புதன், எந்த நேரமானாலும் வருகிறேன்.’ இரண்டு நாள் மட்டும். ‘எப்போது வேண்டுமானாலும்’ என்று எழுதுவது பணிவாகத் தோன்றும், ஆனால் எனக்கு அது பொய்.

பதில் வரவில்லை. வியாழக்கிழமை அறுவை நல்லபடியாக முடிந்தது. அன்று கைப்பேசியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அழைக்கத் துடித்தேன். அக்கா தடுத்தாள்: “அவர்கள் மூன்று பேரைக் கூட்ட வேண்டும். வெள்ளி மதியம் வரை பொறு.” வெள்ளி மதியம் ஒரே ஒரு வரி அனுப்பினேன், செவ்வாயும் புதனும் எனக்கு இப்போதும் ஏற்றவை என்று. நாலரைக்குப் பதில் வந்தது: செவ்வாய், பிற்பகல் 2.30.

திங்கள் மாலையே இறங்கிவிட்டேன். பாதை திறந்துதான் இருந்தது. செவ்வாய் அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தேன்.

உள்ளே மூவர். நடுவில் இருந்த பெரியவர், “அம்மா எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்டார். “அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, சார். நேற்று வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடந்தார். தேதியை மாற்றித் தந்ததற்கு நன்றி” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. கோப்பைப் புரட்டி, ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு எந்தெந்தச் செலவுக்குக் கிடைக்காது என்று கேட்டார். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பின்கட்டுப் படியை அதற்கு முன்பே அண்ணன் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டான்.