எந்தக் கூடுதல் முன்பே முடிவானது? கை-வர்க்கச் சோதனை வினாவை வாசிக்கும் முறை

புள்ளியியல் தேர்வுக்குப் படித்த காலத்தில் கை-வர்க்கச் சோதனையின் கணக்கு எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. நேரம் பிடித்தது அதற்கு முந்தைய வரிதான்: இந்த வினா ஒருபடித்தான தன்மையைக் கேட்கிறதா, சார்பின்மையைக் கேட்கிறதா? அட்டவணையைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. இரண்டிலும் எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண் ஒரே விதத்தில்தான் வருகிறது, df = (r−1)(c−1) என்பதும் மாறுவதில்லை. தரவு எப்படித் திரட்டப்பட்டது என்று சொல்லும் இரண்டொரு வாக்கியங்களில்தான் விடை இருக்கிறது. அதனால் அட்டவணைக்குப் போகும் முன் அவற்றை அடிக்கோடிட்டு, "எந்தக் கூடுதல் தரவு திரட்டும் முன்பே முடிவானது?" என்று ஓரத்தில் எழுதிக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி 1950இல் வெளியிட்ட ஆய்வு. நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களும், அந்த நோய் இல்லாத வேறு 649 ஆண் நோயாளிகளும் விசாரிக்கப்பட்டார்கள். முதல் குழுவில் புகைப்பவர்கள் 647 பேர், புகைக்காதவர்கள் 2 பேர். இரண்டாம் குழுவில் 622, 27.

இங்கே 649 என்ற இரண்டு கூடுதல்களும் தாமாக அமைந்தவை அல்ல. ஒரு புற்றுநோயாளிக்கு ஒருவர் என்று ஆய்வாளர்களே வைத்த கணக்கு அது. புகைப்பவர்கள் 1269, புகைக்காதவர்கள் 29 என்ற கூடுதல்கள்தான் தரவிலிருந்து வந்தவை. ஆக இரண்டு முழுமைத்தொகுதிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கூறு, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. இது ஒருபடித்தான தன்மைக்கான சோதனை. இன்மைக் கருதுகோளை இப்படி எழுத வேண்டும்: "புகைப்பவர்களின் விகிதம் இரண்டு தொகுதிகளிலும் ஒன்றே."

கணக்கு எளிது. ஒவ்வொரு குழுவிலும் புகைக்காதவர்கள் 14.5 பேரும், புகைப்பவர்கள் 634.5 பேரும் எதிர்பார்க்கப்படுகிறார்கள். நான்கு கட்டங்களிலும் வேறுபாடு 12.5. χ² ஏறத்தாழ 22.04, df 1க்கு ஐந்து விழுக்காட்டு எல்லை 3.84. கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது.

கூறெடுப்பு முறையைக் கவனிக்காதவர்கள் இதற்குப் பிறகுதான் மாட்டிக்கொள்கிறார்கள். அட்டவணையைக் குறுக்கே படித்தால் 1269 புகைப்பவர்களில் 647 பேருக்குப் புற்றுநோய், அதாவது 51 விழுக்காடு. "புகைப்பவர்களில் பாதிப் பேருக்குப் புற்றுநோய் வரும்" என்று முடிவுரை எழுதினால் அது முற்றிலும் தவறு. நோயில்லாதவர்களை இருமடங்காக, 1298 பேராக எடுத்து, அவர்களிடையே புகைப்பவர் விகிதம் அதே அளவில் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பவர்கள் 1244 ஆவார்கள். 51 விழுக்காடு 34 ஆகிவிடும். உலகில் எதுவும் மாறவில்லை, ஆய்வாளர் எடுத்த எண்ணிக்கைதான் மாறியது. நாம் வைத்த கூடுதலிலிருந்து பிறந்த விகிதம் எந்தத் தொகுதியையும் பற்றிப் பேசாது.

இதே தலைப்பில் வினா வேறு விதமாகவும் வரலாம்: "ஒரு நகரின் வயதுவந்த ஆண்களிலிருந்து 1298 பேர் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒவ்வொருவரும் புகைப்பவரா, நோய் உள்ளவரா என்று குறிக்கப்பட்டது." இங்கே மொத்த எண்ணிக்கை மட்டுமே முன்பே முடிவானது. ஒரே தொகுதி, ஒரே கூறு, ஒவ்வொருவரிடமும் இரண்டு பண்புகள். இது சார்பின்மைச் சோதனை, இன்மைக் கருதுகோள், "அந்தத் தொகுதியில் புகைப்பழக்கமும் நோயும் ஒன்றையொன்று சாராதவை." இப்போது அட்டவணையைக் குறுக்கே படித்தாலும் நெடுக்கே படித்தாலும் விகிதங்களுக்குப் பொருள் உண்டு.

வினாவின் சொற்கள் இரண்டு இடங்களில் ஏமாற்றும். "தொடர்பு உள்ளதா?" என்று முடிந்தாலே சார்பின்மை என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அந்தச் சொல் இரண்டு வகை வினாக்களிலும் வரும். மற்றொன்று, முழு எண்ணாக நிற்கும் கூடுதல். 400 பேர் கொண்ட ஒரே கூறில் ஆண்கள் 200, பெண்கள் 200 என்று தற்செயலாகவும் அமையலாம். "200 ஆண்களும் 200 பெண்களும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்று வினா சொன்னால்தான் அது ஒருபடித்தான தன்மை.

டால், ஹில் ஆய்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நோயில்லாதவர் ஒவ்வொருவரும் ஒரு புற்றுநோயாளிக்கு இணையாக, அதே பாலினத்திலும் அதே வயதுப் பிரிவிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வினா 649 இணைகளாகத் தரவைத் தந்து, எத்தனை இணைகளில் ஒருவர் மட்டும் புகைப்பவர் என்றும் சொன்னால், இரண்டு கூறுகளும் தனித்தனியானவை என்ற அடிப்படையே போய்விடுகிறது. அப்போது மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் விட்டுவிட்டு, இணைத் தரவுக்கான மக்நெமர் சோதனையைச் செய்ய வேண்டும்.