சிவப்பு வட்டும் சாயா நேரமும்

குமுளியில் எங்கள் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தம்பி, மலைக்குக் கீழே கூடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் ஒரு பக்கத்தில் மூழ்கிவிட்டால் மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடக்கும். கவனத்தையும் நேர உணர்வையும் பாதிக்கும் ஏடிஎச்டி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் மணி மூன்று என்று தெரியும். கூரியர்காரர் வர இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் உறைக்காது.

அதற்காக வாங்கியதுதான் சிவப்பு வட்டு டைமர். 60 நிமிடத்துக்கு வைத்தால் முகம் முழுக்கச் சிவப்பு. நேரம் போகப் போகச் சிவப்பு சுருங்கும். கணக்குப் போட வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். ஆனால் கண் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். முதலில் அலமாரியில் வைத்திருந்தோம், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் வேலை செய்தது.

அலாரம் வேறு விஷயம். சட்டைப்பையில் போன் அடித்தால் கண் திரையிலேயே இருக்கும், விரல் தானாக அணைத்துவிடும். அடித்ததே நினைவிருக்காது. அதனால் ஒரு பழைய போனை அறையின் மறுகோடியில் வைத்தோம். அணைக்க எழுந்து நடந்தாக வேண்டும். நான்கு மணி கூரியருக்கு இரண்டு அலாரம். 3:40-க்கு அடிப்பதில் ‘கையில் இருக்கும் பக்கத்தை முடி, புதுசு தொடாதே’ என்று எழுதியிருக்கும். 3:55-க்கு ‘பைலை சேவ் செய், பார்சலை எடு’. முதல் அலாரம் இல்லாவிட்டால் இரண்டாவதற்கு “அண்ணே, இந்த ஒரு பேஜ் மட்டும்” என்பார். பாதி வேலையில் நிறுத்துவது அவருக்கு அவ்வளவு கஷ்டம். நாள் முழுக்க எட்டு அலாரம் வைத்துப் பார்த்தோம். எல்லாம் வெறும் சத்தமாகிவிட்டது. இப்போது இந்த இரண்டோடு சரி. டோனை மட்டும் அவ்வப்போது மாற்றுகிறோம், பழகிப்போனால் காது கேட்காது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது வழி: மணியைப் பார்க்காமல், எப்படியும் நடக்கிற ஒன்றோடு வேலையைக் கட்டிப்போடுவது. பதினொரு மணிச் சாயா வந்ததும் வாடிக்கையாளர்களுக்குப் போன். சாயங்காலம் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்புகள் கம்பம் பக்கம் இறங்கத் தொடங்கினால் பேக்கப் எடுக்கும் நேரம். அலாரத்தைப் போல இவற்றை அணைக்க முடியாது. சாயாக் கடைப் பையன் கிளாஸோடு பக்கத்தில் நின்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சிக்கல் ஹர்த்தால் அன்றுதான். கடை இல்லை, ஜீப் இல்லை, கூரியரும் இல்லை. தம்பி கூடலூர் வீட்டிலிருந்தே வேலை செய்வார். அப்படி ஒரு நாளில் இரவு வெகுநேரம் வரை ஒரே பக்கத்தின் நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஹர்த்தால் என்றால் பதினொரு மணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நான் போன் செய்கிறேன். குறுஞ்செய்தி போதாது, அதைப் பார்க்கவே மாட்டார். மாலைக்கு அவருடைய அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.