இரண்டு ஆதார்

லண்டன் கோல்டர்ஸ் கிரீன் பேக்கரியில் ஹாமன்டாஷன் வாங்கினேன். யூதப் பண்டிகையான பூரிமுக்கான முக்கோண பிஸ்கட். நடுவில் கசகசா விழுது.

"அடுத்த ஆண்டு பூரிம் எப்போது?" என்றேன். கடைக்காரப் பெரியவர் நாட்காட்டியைப் புரட்டினார். 2026இல் மார்ச் 3. 2027இலோ மார்ச் 23!

யூத மாதங்கள் நிலவைப் பின்தொடர்பவை. பன்னிரண்டு மாதம் சேர்ந்தாலும் சூரிய ஆண்டுக்குப் பதினோரு நாள் குறையும். அப்படியே விட்டால் ரம்ஜான் போலப் பண்டிகைகள் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். ஆனால் பஸ்கா வசந்தத்தில்தான் வரவேண்டும் என்பது யூத வேதமான தோராவின் கட்டளை. அதனால் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஆதார் மாதம் இரண்டாகிறது.

பூரிம் ஆதார் 14. இரண்டு ஆதார் இருந்தால்?

இரண்டாவதில்தான். யூதர்களை அழிக்க முயன்ற ஹாமானிடமிருந்து பிழைத்த நாளான பூரிமும், எகிப்திலிருந்து மீண்ட நாளான பஸ்காவும் அடுத்தடுத்த மாதங்களில் வரவேண்டும் என்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். 2027இலும் பூரிமுக்கு முப்பதாம் நாள், ஏப்ரல் 22, பஸ்கா.

முதல் ஆதார் 14, பிப்ரவரி 21, வெறுமனே போவதில்லை. அதற்குச் 'சின்னப் பூரிம்' என்று பெயர். பூரிம் கதையைச் சொல்லும் எஸ்தர் சுருள் வாசிப்பு அன்று கிடையாது.

"அன்று கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுவோம்" என்றபடி பெரியவர் பையில் இன்னொரு பிஸ்கட்டைப் போட்டார்.