அளக்காத இடத்துக்கு ரிப்போர்ட் எழுதும்போது

மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளில் விபத்து நடந்தால், சேஃப்டி ஆள் டேப்போடு வந்து சேர்வதற்குள் வண்டியை நகர்த்திவிடுவார்கள். பின்னால் லாரி வரிசை நிற்கும்போது யாரும் காத்திருக்கமாட்டார்கள். ஆனால் ரிப்போர்ட் படிவத்தில் தூரம், வேகம், உயரம் என்ற மூன்று கட்டங்களும் நிரப்பச் சொல்லி நிற்கும்.

ஒரு உதாரணம். நிற்கும் டிரெய்லரில் ஏற்றிய பெட்டியின் மேல் ஒரு கிளீனர் நிற்கிறார். பக்கத்தில் வந்த இன்னொரு டிரெய்லர் உரசியதில் கீழே விழுகிறார். பார்த்தவர் சொல்வது: "சும்மா பறந்துகிட்டு வந்தான் சார். அவரு பதினஞ்சடியிலிருந்து வுழுந்தாரு." யார்டில் அனுமதித்த வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்.

முதலில் கைக்கு எட்டுவது உயரம். பெட்டி அன்றே வெளியே போயிருந்தாலும் கேட் பதிவில் அதன் வகைக் குறியீடு இருக்கும். 42G1 என்றால் நாற்பதடிப் பெட்டி, உயரம் 2.59 மீட்டர். 45G1 என்றால் அதே நீளம், உயரம் 2.90 மீட்டர். பதிவில் 45G1 என்று இருக்கிறது. அதோடு டிரெய்லர் படுகையின் உயரத்தைச் சேர்க்க வேண்டும். அந்த வண்டி திரும்ப வரும்போது அளப்பதே நல்லது, அதுவரை 1.2 முதல் 1.5 மீட்டர் என்று கொண்டால், விழுந்த உயரம் 4.1 முதல் 4.4 மீட்டர். இது அவர் கால் இருந்த உயரம், தலை இருந்த உயரம் அல்ல. சாட்சியின் பதினைந்தடியை '4.57 மீட்டர்' என்று மாற்றி எழுதுவதுதான் வழக்கமான தப்பு. குத்துமதிப்பாகச் சொன்ன ஒரு எண்ணுக்கு அது சென்டிமீட்டர் துல்லியத்தைக் கொடுத்துவிடுகிறது. அவர் சொன்னதை அடியிலேயே, அவர் வார்த்தையிலேயே வைத்துவிட்டு, நம் கணக்கைத் தனி வரியில் எழுதலாம்.

வேகம்தான் சிக்கல். 'பறந்துகிட்டு வந்தான்' என்பதை எண்ணாக்க வழியே இல்லை, அதைக் கேமரா பதிவில்தான் தேட வேண்டும். வழியோரம் இரண்டு நாற்பதடிப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 12.19 மீட்டர், நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்தால் சுமார் 25 மீட்டர். டிரெய்லரின் முன்சக்கரம் முதல் பெட்டியின் விளிம்பைக் கடக்கும்போது திரையில் 10:42:17, கடைசி விளிம்பில் 10:42:21. நான்கு வினாடி, ஆகவே மணிக்கு 22.5 கிலோமீட்டர், வரம்பு மீறல் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் முழு வினாடி மட்டும் காட்டும் கடிகாரத்தில், உண்மையான நேரம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அப்படியானால் வேகம் 18 முதல் 30 வரை.

இதைச் சுருக்க, ரெக்கார்டரிலிருந்து மூலப் பதிவை எடுத்து பிரேம்களை எண்ண வேண்டும். வாட்ஸாப்பில் வந்த பிரதி உதவாது. அதில் சில பிரேம்கள் விடுபட்டிருக்கலாம். முதலில் திரைக் கடிகாரத்தின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை பிரேம் என்று எண்ணிப் பார்க்கணும். வினாடிக்கு 25 என்று உறுதியாகி, நடுவில் 98 பிரேம் இருந்தால், நேரம் 3.92 வினாடி. வேகம் சுமார் 23. இப்போதாவது 'மீறினார்' என்று எழுதலாமா?

இன்னும் கூடாது. வண்டி பெட்டியை ஒட்டி ஓடவில்லை, அதற்கும் கேமராவுக்கும் நடுவில் ஓடியது. கேமரா பெட்டி வரிசையிலிருந்து 30 மீட்டரில், வண்டித் தடம் 26 மீட்டரில் என்று வைத்துக்கொண்டால், பெட்டி வரிசையில் 25 மீட்டராகத் தெரிகிற இடைவெளி, தடத்தில் 21.7 மீட்டர்தான். அதே 3.92 வினாடிக்கு வேகம் 20 ஆகிவிடுகிறது, சரியாக வரம்பிலேயே. தடத்தை ஒரு மீட்டர் இப்படி அப்படி நகர்த்தினால் முடிவு மாறும். அதனால் ரிப்போர்ட்டில் வரவேண்டிய வாக்கியம் இது: "கேமரா பதிவின்படி வேகம் மணிக்கு சுமார் 19 முதல் 21 கிலோமீட்டர், வரம்பைத் தாண்டியதா என்று இதை வைத்துச் சொல்ல இயலாது." மேலாளருக்கு இது பிடிக்காது. டிரைவர் மேல் நடவடிக்கைக்கு ஆதாரமாக நிற்கும் தாளில் வேறு எதையும் எழுத முடியாது.

சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. விபத்துக்குப் பிறகு கேமராவை யாரும் திருப்பவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஆள் திரை முன்னால் உட்கார வேண்டும். இன்னொருவர் தடத்தில் சாக்பீஸோடு நிற்கலாம். பதிவில் சக்கரம் தரையைத் தொட்ட இரண்டு இடங்களையும் போனில் சொல்லச் சொல்லக் குறித்து, டேப் பிடித்தால் தூரம் நேராகக் கிடைத்துவிடும். அந்த அளவை ரிப்போர்ட்டில் சேர்க்கும்போது, பழைய மதிப்பீட்டை அழிக்காமல், அளந்த தேதியோடு கீழே தனிப் பத்தியாகச் சேர்க்கவும். படிவத்தின் வேகக் கட்டம் ஒரே எண்ணைத்தான் ஏற்கும் என்றால், அதைக் காலியாக விட்டு, 'இணைப்பு காண்க' என்று விவரப் பகுதியில் எழுதிவிடலாம்.