கக்கத்துக்குள் நான்கு சுவர்: அக்குள் டிசெக்‌ஷனை முடித்த விதம்

அக்குள் ஒரு பிரமிட் என்று படித்துவிட்டு மேசைக்கு வருகிறவர்களுக்கு முதலில் பிரமிட்டே தெரியாது. படத்தில் அது நிமிர்ந்து நிற்கும். மேசையில் உடல் மல்லாந்து கிடக்கும், ஃபார்மலினில் விறைத்த கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தருமபுரியில் எம்.பி.பி.எஸ். முதலாண்டில் எங்கள் மேசைக்கு வந்தது இடப்பக்க அக்குள். நான்கு அமர்வுகளில் முடித்தோம். அடுத்து கத்தி எடுக்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

கத்தியைத் தொடுவதற்கு முன் உங்கள் உடம்பிலேயே பாருங்கள். சந்தையில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். துண்டை முன்னாலிருந்து பிடிப்பது முன்மடிப்பு. அது பெக்டோராலிஸ் மேஜரின் கீழ்விளிம்பு. பின்னாலிருந்து பிடிப்பது பின்மடிப்பு. அது லாட்டிசிமஸ் டார்சையும் டெரெஸ் மேஜரும் சேர்ந்தது. உள்பக்கம் விலா, அதன் மேல் செர்ரேட்டஸ் ஆன்டீரியர். வெளிப்பக்கம் கை எலும்பு. இவைதான் நான்கு சுவர்கள். துண்டு தொங்கும் வாய்தான் அடித்தளம், அதாவது தோலும் அதன் கீழ் உள்ள அக்குள் ஃபேஷியாவும். பின்மடிப்பு முன்மடிப்பைவிடக் கீழே இறங்குவதையும் விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பின்சுவரில் வேலை செய்யும்போது இது தேவைப்படும்.

உச்சி கழுத்தை நோக்கி மேலும் உள்ளும் சாய்ந்திருக்கும். அது கூர்மையான முனை இல்லை. கடலைப் பொட்டலத்தின் அடிமுனையைக் கிள்ளி எடுத்தால் ஒரு ஓட்டை விழுமே, அப்படி. முன்னால் காறை எலும்பு, பின்னால் தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு, உள்ளே முதல் விலாவின் வெளிவிளிம்பு என்ற மூன்றுக்கும் நடுவில் அந்த வழி இருக்கிறது. கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புப் பின்னலும் அந்த வழியாகத்தான் கழுத்துக்கும் அக்குளுக்கும் இடையே செல்கின்றன.

முதல் நாள் கையை விரிப்பதிலேயே கால் மணி நேரம் போனது. விறைத்த தோளை ஒரே இழுப்பில் விரிக்கக் கூடாது. சற்று விரித்து, நிறுத்தி, மீண்டும் விரித்து 90 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். தோளுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். மணிக்கட்டைப் பலகையில் கட்ட அட்டெண்டர் அண்ணா உதவினார். 90-ஐத் தாண்டி இழுத்தால் பெக்டோராலிஸ் மேஜர் தசை முரசுத் தோல்போல் இறுகிவிடும், அடியில் விரல் நுழையாது.

அக்குளில் தோல் மிக மெல்லியது. மார்பில் வெட்டிய அதே ஆழத்துக்கு இங்கே வெட்டினால் கொழுப்புக்குள் போய்விடுவீர்கள். அங்கேதான் முதல் இழப்பு நடக்கும். இரண்டாம் விலா இடைவெளியிலிருந்து இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு வெளியே வந்து, கொழுப்பின் நடுவே குறுக்காகக் கடந்து, மேல்கையின் உள்பக்கத் தோலுக்குப் போகிறது. குறுக்கே போகிற அதைக் கொழுப்பு நார் என்று நினைத்து இழுத்து அறுத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து மேசையில் அப்படித்தான் போனது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போனதாகப் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நரம்பு போனதால்தான். தோலை உரித்ததும் கத்தியைக் கீழே வையுங்கள். அதன்பின் கூர்மழுங்கிய கத்தரிக்கோல் போதும். மூடிய முனையைக் கொழுப்புக்குள் விட்டு, நரம்பு ஓடும் திசையிலேயே திறக்க வேண்டும். குறுக்காகத் திறந்தால் நரம்பு அறுந்துவிடும்.

முன்சுவர் இரண்டு அடுக்கு. மேலே பெக்டோராலிஸ் மேஜர். அதன் கீழ்விளிம்பு வழியாக விரலை உள்ளே விட்டு, தசைக்கும் அடியில் இருப்பதற்கும் இடையே விரல் தாராளமாகப் போகிறதா என்று பார்த்த பிறகே வெட்டினோம். காறை எலும்போடு ஒட்டிய பகுதியை எலும்புக்குச் சற்றுக் கீழே வெட்டினோம். மார்பெலும்பிலிருந்து வரும் பகுதியை, மார்பெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி வெட்டினோம். பிறகு தசையைக் கை பக்கமாகத் திருப்பினோம். அவசரமாகத் திருப்பினால் அடியிலிருந்து தசைக்குள் நுழையும் பெக்டோரல் நரம்புகளும் தொராகோஅக்ரோமியல் கிளைகளும் பிடுங்கிக்கொண்டு வரும். எந்த நரம்பு எங்கே நுழைகிறது என்று பார்த்து, நரம்போடு ஒரு சிறு தசைத் துண்டை விட்டுவிட்டுத் திருப்புவது நல்லது.

இரண்டாவது அடுக்கு பெக்டோராலிஸ் மைனர். 3, 4, 5-ஆம் விலாக்களிலிருந்து கிளம்பி கோரகாய்டு முனைக்கு ஏறும் சின்ன முக்கோணத் தசை அது. இதை விலா பக்கம் வெட்டி மேலே திருப்ப வேண்டும். அதற்குமுன் ஒரு நிமிடம் நிறுத்தி, அது குறுக்கே கிடக்கும் இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் ஓடும் ஆக்ஸில்லரி ஆர்ட்டரியை மூன்று பாகமாகப் பிரிப்பது இந்தத் தசைதான். மைனருக்கு மேலே முதல் பாகம், அடியில் இரண்டாவது, கீழே மூன்றாவது. தசையைத் திருப்பிவிட்ட பிறகு அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு ஓரத்திலும் ஆர்ட்டரியைச் சுற்றி வண்ண நூல் கட்டி வைத்தோம். பின்னலின் மூன்று கார்டுகளுக்கும் வெளி, உள், பின் என்று பெயர் வந்ததே இரண்டாம் பாகத்தைப் பொறுத்துத்தான். அதனால் அந்த நூல் இல்லாவிட்டால் கார்டுகளின் பெயர் குழம்பும்.

அடுத்த தொல்லை வெயின். ஆக்ஸில்லரி வெயின் ஆர்ட்டரிக்கு உள்பக்கம் ஓடுகிறது. உறைந்த ரத்தம் நிறைந்து, கருநீலமாக உப்பி, எல்லாவற்றையும் மறைக்கும். சிறு கிளைகளை இரண்டு நூலால் கட்டி நடுவில் வெட்டி எடுத்துவிடலாம். பெரிய தண்டை வைத்துக்கொள்ளுங்கள். கட்டாமல் வெட்டினால் உறைரத்தம் பிதுங்கிக் கொழுப்பில் கலந்து, அன்றைய அமர்வு முழுக்கத் துடைப்பதிலேயே போய்விடும்.

மூன்றாம் அமர்வில் கையை 90-லிருந்து சுமார் 45 டிகிரிக்கு இறக்கினோம். இறுகிக் கிடந்த நரம்புகள் தளர்ந்து, ஒவ்வொன்றாக விலக்க முடிந்தது. மூன்றாம் பாகத்துக்கு முன்னால் ஆங்கில M எழுத்து தெரிய வேண்டும். வெளிக்கால் மஸ்குலோகுட்டேனியஸ், உள்கால் அல்நர், நடு முனையில் இரண்டு வேர்கள் சேர்ந்து மீடியன் நரம்பு. எங்கள் மேசையில் M கோணலாக இருந்தது. உள்கார்டிலிருந்து வந்த வேர் நல்ல கனம். வெளிக்கார்டிலிருந்து வந்த வேர் நூல்போல் மெலிந்து கிடந்தது. வெட்டிவிட்டோமோ என்றுதான் முதலில் பயந்தோம். ஆனால் அறுபட்ட முனை எங்கும் இல்லை. வெளிக்கார்டும் வழக்கமான பருமனில்தான் இருந்தது. அப்படியானால் இழைகள் வேறு வழியில் போயிருக்க வேண்டும் என்று மஸ்குலோகுட்டேனியஸைப் பின்தொடர்ந்தோம். அது கோரகோபிரேக்கியாலிஸைத் துளைத்துக்கொண்டு போய், மேல்கையில் ஒரு கிளையை மீடியனுக்குத் திருப்பி அனுப்பியது. வெளிவேரின் இழைகளில் ஒரு பங்கு மஸ்குலோகுட்டேனியஸோடு பயணித்துவிட்டுக் கீழே வந்து சேர்ந்துகொள்கிறது என்று புரிந்தது. இது அவ்வப்போது காணப்படும் மாறுபாடுதான். மெலிந்த வேர் கண்ணில் பட்டால் கீழே ஒரு இணைப்புக் கிளையைத் தேட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் தப்பு நடப்பது உள்சுவரிலும் பின்சுவரிலும்தான். லாங் தொராசிக் நரம்பு உள்சுவரில், செர்ரேட்டஸின் மேல் செங்குத்தாக இறங்குகிறது. தொராகோடார்சல் பின்சுவரில் சப்ஸ்காப்புலாரிஸின் மேல் வந்து லாட்டிசிமஸுக்குப் போகிறது. படத்தில் இரண்டும் தூரத்தில் இருக்கும். மேசையில் கொழுப்பைக் கை பக்கமாக இழுத்ததும் லாங் தொராசிக் தன் மெல்லிய ஃபேஷியாவோடு சுவரைவிட்டுப் பிரிந்து கொழுப்புக்குள்ளேயே வந்துவிடும். சுவரில் தேடினால் காணாது. கொழுப்பில் தெரிகிற நரம்பை “தொராகோடார்சல்” என்று பெயர் வைத்து, இரண்டாவது நரம்பே இல்லை என்று எழுதிவிடுவார்கள். நாங்களும் அரை மணி நேரம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

தீர்த்துவைத்தது நரம்பின் இரண்டு முனைகள். கீழ்முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது செர்ரேட்டஸின் பல் போன்ற பட்டைகளுக்குள் ஒவ்வொன்றாகச் சின்னக் கிளைகள் விறைத்தன. மேல்முனை கார்டுகளோடு சேரவில்லை. கார்டுகளுக்குப் பின்னால் நேரே கழுத்துப் பக்கம் ஏறியது, ஏனென்றால் அது C5, C6, C7 வேர்களிலிருந்தே கிளம்புகிறது. ஆக அது லாங் தொராசிக். தொராகோடார்சலைத் தேட, சப்ஸ்காப்புலர் ஆர்ட்டரியைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அதன் தொடர்ச்சியான தொராகோடார்சல் ஆர்ட்டரியை ஒட்டியே நரம்பு கிடந்தது. மேல்முனையைப் பின்பற்றினால் பின்கார்டில் முடிந்தது. நரம்பு கிடக்கும் இடத்தை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது. எங்கிருந்து வருகிறது, எந்தத் தசையில் முடிகிறது என்பதைப் பார்த்தே சொல்ல வேண்டும். கொழுப்பை எடுக்கும்போதும் விலாவை ஒட்டி ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டு எடுத்தால் இந்தக் குழப்பமே வராது. அறுவை சிகிச்சையில் லாங் தொராசிக் போனால் கையால் சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு சிறகுபோல் புடைக்கும்.

கணுக்களை நாங்கள் அதிகம் தேடவில்லை. கொழுப்பை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தால் கொழுப்பைவிடக் கெட்டியாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். அறுவை நிபுணர்களுக்கும் மைனரே எல்லைக்கல். மைனரின் வெளிவிளிம்புக்கு வெளியே முதல் நிலை, அடியில் இரண்டாம் நிலை, உள்விளிம்பைத் தாண்டி உச்சி பக்கம் மூன்றாம் நிலை.

பின்சுவரின் வெளிக்கோடியில், கை எலும்பின் கழுத்து போன்ற பகுதிக்குப் பின்னால் ஆக்ஸில்லரி நரம்பும் போஸ்டீரியர் சர்கம்ஃப்ளெக்ஸ் ஆர்ட்டரியும் ஒரு நாற்கோண இடைவெளி வழியாகப் பின்னால் மறையும். முன்னாலிருந்து இடைவெளி தெரியாது. நரம்பை ஒட்டிச் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். மேலே சப்ஸ்காப்புலாரிஸ், கீழே டெரெஸ் மேஜர், உள்பக்கம் டிரைசெப்ஸின் நீளத் தலை, வெளியே எலும்பு என்று நான்கு பக்கமும் விரலில் தட்டும். ரேடியல் நரம்பு அதற்குள் போகாது. டெரெஸ் மேஜரின் கீழே இறங்கிப் பின்னால் திரும்பும். பின்கார்டின் இரண்டு பெரிய கிளைகளை மாற்றிச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விரல் சோதனையைச் செய்தால் போதும்.

கடைசி அமர்வில் ஆர்ட்டரியின் முதல் பாகத்தை ஒட்டி ஆள்காட்டி விரலை மேலே விட்டோம். காறை எலும்பின் அடிப்பக்கம் நகத்தில் தட்டியது. கொஞ்சம் உள்ளே வளைத்ததும் முதல் விலாவின் விளிம்பு கத்தி முனைபோல் விரல் நுனியில் பட்டது. அதற்குப் பின்னால் விரல் கழுத்துக்குள் தங்குதடையின்றிப் போனது.