தலைவலிக்கு ஊசி போட்ட இரண்டு நாட்கள்

எனக்கு மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி வந்து 16 வருடம் ஆகிறது. பெரும்பாலும் மாத்திரை போட்டு, ஜன்னலை மூடிப் படுத்தால் சாயங்காலத்துக்குள் விட்டுவிடும். மருத்துவமனைக்குப் போய் நரம்பில் ஊசி போட வேண்டிய அளவுக்கு வந்தது இரண்டு முறைதான். இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒரே மருந்துகள்தான் போட்டார்கள். ஆனாலும் முதல் முறை கட்டிலை விட்டு இறங்கி ஓடிவிட வேண்டும் போலத் தவித்தேன். இரண்டாம் முறை அங்கேயே நிம்மதியாகத் தூங்கினேன். அந்த வித்தியாசம் மருந்தை எந்த வரிசையில், எவ்வளவு மெதுவாக ஏற்றினார்கள் என்பதில் இருந்தது.

முதல் முறை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன மருத்துவமனை, ராத்திரி 11 மணி. வாந்தி நிற்கவில்லை என்று சொன்னதும் கையில் ஊசிக் குழாய் வைத்து, வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து ஒரே அழுத்தாக உள்ளே தள்ளினார்கள். அடுத்து வலி ஊசி. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, உடம்புக்குள் ஏதோ கிளம்பியது. வலி குறைய ஆரம்பித்திருந்தது, ஆனால் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. எழுந்தால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் நடக்கத் தோன்றியது. கையிலிருக்கும் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்று ஒரு வெறி. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. "பயப்படாதீங்கம்மா, டென்ஷன்தான்" என்றார்கள். நானும் அது என் மனசின் கோளாறு என்றே நம்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தானாக அடங்கியது. அதன் பிறகு நான்கு வருடம், எவ்வளவு வலித்தாலும் ஊசிக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இரண்டாம் முறை போன மே மாதம். முந்தின நாள் காலையில் இடது கண்ணுக்கு மேலே ஆரம்பித்தது. மதியம் நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரை போட்டேன், கொஞ்சம் அடங்கியது. மறுநாள் விடியற்காலையில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஆறு மணிக்கு மைக்ரேனுக்கான ரிசாட்ரிப்டான் மாத்திரை போட்டேன். ஏழரைக்கு வாந்தி எடுத்தபோது அந்த மாத்திரை பாதி கரைந்த நிலையில் அப்படியே வந்தது. ஒன்றரை மணி நேரம் வயிற்றில் கிடந்தும் முழுசாகக் கரையவில்லை. மைக்ரேன் வலி வரும்போது பலருக்கு இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடும் என்றும், விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிடும் என்றும் அன்றைக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த நிலையில் இன்னொரு மாத்திரையை விழுங்கியும் பயனில்லை.

மதியம் ஒரு மணிக்குள் ஏழெட்டு முறை வாந்தி. ஒரு மடக்குத் தண்ணீர்கூட நிற்கவில்லை. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்று சொன்னதும் என் தங்கை, "அக்கா, இனிமே உன் பேச்சைக் கேக்க முடியாது, கிளம்பு" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

கேசுவால்டியில் ட்யூப்லைட் வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். டாக்டர் சின்னப் பெண். அவர் முதலில் கேட்ட கேள்விகள் எல்லாம் இது மைக்ரேன்தானா, வேறு ஏதாவதா என்று பார்ப்பதற்காக. வலி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போனதா, இல்லை மெல்ல மெல்ல ஏறியதா? காய்ச்சல் உண்டா? கை கால் மரத்துப் போனதா, பேச்சு குழறியதா? தலையில் அடிபட்டதா? வழக்கமாக வருவது போலத்தான் இருக்கிறதா? பிறகு கழுத்தை முன்னால் மடக்கிப் பார்த்தார், டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். இதில் எது சரியில்லை என்றாலும் தலைவலி ஊசியோடு விட மாட்டோம், ஸ்கேன் எடுப்போம் என்றார். ரத்த அழுத்தம் 138/88, நாடி 96.

அடுத்த கேள்விகள் மருந்துக்காக. வயிற்றுப் புண் இருந்திருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, வலி மாத்திரை போட்டால் இளைப்பு வருமா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, மாதவிலக்கு எப்போது வந்தது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா. கடைசியாக வலி மாத்திரை போட்டது எப்போது என்று இரண்டு முறை கேட்டார். நாப்ராக்ஸனும், அவர்கள் போடப்போகும் கீட்டோரோலாக் என்ற வலி ஊசியும் ஒரே வகை மருந்துகள். இரண்டும் உடம்பில் ஒன்று சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இடம் கொடுக்கும். நான் போட்டு 24 மணி நேரம் தாண்டியிருந்ததால் சரி என்றார். வீட்டிலிருந்து கிளம்பும்போது மாத்திரைப் பெயரையும் நேரத்தையும் தங்கை கைபேசியில் குறித்து வைத்திருந்தது அப்போது உதவியது. அந்த வலியில் எனக்கு ஒன்றும் ஞாபகம் வந்திருக்காது.

இந்த இடத்தில்தான் நான் பழைய கதையைச் சொன்னேன். "வாந்தி ஊசி மட்டும் வேண்டாம் டாக்டர். போன தடவை பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு." அவர் உடனே, "கால் ஓரிடத்தில நிக்கலையா? எழுந்து ஓடணும் போல இருந்துச்சா?" என்று கேட்டார். நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கு அகத்தீசியா என்று பெயராம். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிற மருந்துகளின் பக்க விளைவு. மருந்தை வேகமாகத் தள்ளும்போது அதிகம் வரும். மெதுவாக ஏற்றினால் வாய்ப்பு நன்றாகக் குறையும். நான்கு வருடம் என் மனசைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆனாலும் அந்த மருந்தை விட்டுவிட அவருக்கு மனமில்லை. நான் அதை வெறும் வாந்தி ஊசி என்று நினைத்திருந்தேன். மெட்டோக்ளோப்ரமைடு மைக்ரேன் வலியையே குறைக்கும், வாந்தி இல்லாதவர்களுக்குக்கூட இதற்காகப் போடுவதுண்டு என்று விளக்கினார். "பொறுத்துக்க முடியாத அளவுக்கு வந்துச்சுன்னா வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, வேற மருந்து பாக்கலாம். ஆனா மெதுவா ஏத்திப் பாப்போம், தொந்தரவு ஆரம்பிச்சா அந்த நிமிஷமே நிறுத்திடறேன்" என்றார். யோசித்துச் சரி என்றேன்.

முதலில் ட்ரிப்ஸ். குளுக்கோஸ் ஏற்றினால் தலைவலி போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புவார்கள். அன்று ஏற்றியது குளுக்கோஸ் இல்லை, உப்பு நீர், 500 மில்லி. அது வலிக்கு மருந்து இல்லை, வாந்தியில் போன நீருக்கு ஈடு, அவ்வளவுதான். நன்றாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லையாம். எனக்கு அதை முதலில் போட்டதற்குக் காரணம் கீட்டோரோலாக். உடம்பு வற்றிய நிலையில் அதைப் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதனால் முதலில் நீர், பிறகுதான் அந்த ஊசி.

பாதி பாட்டில் இறங்கியதும் மெட்டோக்ளோப்ரமைடு. அளவு பழையதுதான், 10 மில்லிகிராம். ஆனால் இந்த முறை அதை 100 மில்லி உப்பு நீரில் கலந்து, தனி பாட்டிலாகத் தொங்கவிட்டு, 15 நிமிடம் ஓடுமாறு வைத்தார்கள். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணி விட்டார். தங்கையிடம் டாக்டர் இரண்டு விஷயத்தைக் கவனிக்கச் சொன்னார். அக்கா காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாரா, அல்லது கழுத்தோ வாயோ கோணுகிறதா, கண் மேலே சொருகுகிறதா. இரண்டாவது அரிதாக வரும், இளம் வயதினருக்குக் கொஞ்சம் அதிகம். வந்தாலும் மாற்று ஊசி உண்டு, உடனே சொல்ல வேண்டும். 15 நிமிடமும் நான் என் கால்களையே கவனித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. லேசான மயக்கம் மட்டும்.

அதற்கு அப்புறம் கீட்டோரோலாக் 30 மில்லிகிராம், மெல்ல நரம்பில். கடைசியாக டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம். இந்த ஸ்டீராய்டு அன்றைய வலியைப் பெரிதாகக் குறைக்காது, இரண்டு மூன்று நாளுக்குள் வலி திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்கும். எனக்கு ஏற்கெனவே ஒரு முறை அடங்கித் திரும்பி வந்த வலி என்பதால் போட்டார்கள். சர்க்கரை நோய் இருந்தால் யோசிப்பார்களாம், எனக்கு இல்லை.

வந்தபோது வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு ஒன்பது என்றிருந்தேன். முதலில் நின்றது குமட்டல். கீட்டோரோலாக் போட்டு அரை மணியில் வலி ஆறுக்கு வந்தது, ஒரு மணி நேரத்தில் மூன்று. பிறகு எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன். ஐந்து மணிக்கு எழுந்தபோது நெற்றிப்பொட்டில் தொட்டால் மட்டும் வலித்தது. முழுசாகப் போக வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதில்லை, இரண்டு மணி நேரத்தில் தாங்கும் அளவுக்கு வந்தால் போதும் என்றார் டாக்டர். சிறுநீர் போனபின்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

கிளம்பும்போது சொன்னவை: மறுநாள் வரை நாப்ராக்ஸன் உட்பட எந்த வலி மாத்திரையும் கூடாது. அன்று வண்டி ஓட்டக் கூடாது. ராத்திரி வீட்டில் அந்தத் தவிப்பு வந்தாலும் திரும்பி வரவேண்டும். அப்புறம், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால் 12 நாள் வந்தது, அதில் பாதி ரிசாட்ரிப்டான். அந்த மாத்திரை மாதம் 10 நாளைத் தொட்டால் அதுவே தலைவலியைக் கூட்ட ஆரம்பிக்கும், நாப்ராக்ஸனுக்கு அந்த எல்லை 15 நாள். இந்த ஊசிகளும் அடிக்கடி வந்து போட்டுக்கொள்வதற்கு இல்லை, வலி வராமல் தடுக்கும் மருந்துக்கு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது இரண்டு மாதமாகத் தினம் ப்ராப்ரனலால் சாப்பிடுகிறேன்.

அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு வரி எழுதித் தந்திருக்கிறார்: மெட்டோக்ளோப்ரமைடு வேகமாகப் போட்டபோது அகத்தீசியா வந்துள்ளது, 15 நிமிடத்தில் ஏற்றியபோது வரவில்லை. அதை நகல் எடுத்து ஒன்றை என் பர்ஸிலும் ஒன்றைத் தங்கையிடமும் வைத்திருக்கிறேன்.