குன்னூரில் ஒரு பிரியாணி ஆர்டர்: கையில் நின்றது எவ்வளவு?

பெட்போர்டு பக்கம் ஒரு சமையலறையை வாடகைக்கு எடுத்து, பார்சல் மட்டும் என்று கிளவுட் கிச்சன் நடத்துகிறோம். மாசக் கடைசியில் மொத்த விற்பனையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. டெலிவரி ஆப்பிலிருந்து வரும் செட்டில்மென்ட் ஷீட்டில் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்.

சிக்கன் பிரியாணி 260 ரூபாய். ஆஃபர் 40 எங்கள் தலையில், மிச்சம் 220. எங்கள் ஒப்பந்தப்படி கமிஷன் 22 சதவீதம், பேமென்ட் கட்டணம் 2 சதவீதம். இந்த இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. சாப்பாட்டுக்கான 5 சதவீத வரியை வாடிக்கையாளரிடம் வாங்கி, 2022 ஜனவரியிலிருந்து ஆப்பே கட்டிவிடுகிறது. ஆனால் கமிஷன் மேல் நாம் கட்டும் 18 சதவீதத்துக்கு வரவு எடுக்க முடியாது, போனது போனதுதான். ஆக மொத்தம் 62 ரூபாய் பிடித்தம். அரிசி, கறி, மசாலா, கேஸ் எல்லாம் 98. பேக்கிங் 23. நின்றது 37 ரூபாய். வாடகையும் மாஸ்டர் சம்பளமும் இதிலிருந்துதான்.

23 ரூபாய் பேக்கிங்கா என்று கோயம்புத்தூர் நண்பர் கேட்டார். நீலகிரியில் பிளாஸ்டிக் கெடுபிடி அதிகம், அதனால் கரும்புச்சக்கை டப்பாவும் ஃபாயில் கப்பும் பேப்பர் பையும்தான். டப்பா மட்டுமே 12 ரூபாய். இதில் விலையைவிடத் தொல்லை, சால்னா. வளைவில் வண்டி சாயும்போது கப் மூடியின் ஓரம் வழியாகக் கசிந்து பேப்பர் பையின் அடி ஊறிவிடும். வாடிக்கையாளர் போட்டோ அனுப்பினால் ரீஃபண்ட் நம் கணக்கில்தான் கழியும். ஆறு ஆர்டரின் லாபம் அதோடு போச்சு. சால்னாவைக் கொஞ்சம் கெட்டியாக்கி, கப்பை முக்கால் மட்டும் நிரப்பி, டப்பாவுக்குள்ளேயே ஒரு மூலையில் செருகிய பிறகு கசிவு அடங்கியது.

சொந்தமாக டெலிவரி செய்தால் கமிஷன் மிச்சம்தானே என்று தோன்றும். பையனுக்கு நாள் சம்பளம் 500. அருவங்காடு, வெலிங்டன் என்று போய்வர சராசரி 8 கிலோமீட்டர். மேட்டில் ஸ்கூட்டர் குடிக்கும் பெட்ரோல் 20 ரூபாய்க்கு வரும். நாளுக்கு 12 ஆர்டர் என்றால் ஒன்றுக்கு அதே 62! மழைக்கால வாரநாளில் 5 ஆர்டர்தான் என்றால் 120.

வித்தியாசம் பில் தொகையில் இருக்கிறது. 600 ரூபாய் ஃபேமிலி பேக்குக்கு ஆப் பிடிப்பது 170; பையன் கொண்டுபோனால் அதே 62, மந்தமான நாளில் 120. ஆகவே சீசன் இல்லாத மாதங்களில் ஒற்றை பிரியாணியை ஆப்பிலேயே விட்டுவிட்டோம். போனில் வரும் ஆர்டருக்கு ஆஃபர் கிடையாது. பையன் கொண்டுபோக பில் சீசனில் குறைந்தபட்சம் 250, மற்ற மாதங்களில் 450. அதற்குக் கீழே கேட்பவர்களிடம், “கடைக்கே வந்து வாங்கிக்கோங்கண்ணா, 20 ரூபா குறைச்சுத் தர்றோம்” என்று சொல்லிவிடுகிறோம்.